தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மீன் ஏன் சாகிறது?

வணக்கம். இந்த டெஸ்ட் டியூபைக் கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். கரும்பச்சை நிறம். தொட்டித் தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் இந்தப் பச்சைதான் அம்மோனியா.

என் முதல் தொட்டியில் தண்ணீரை இரண்டு நாள் விட்டுவைத்து, எட்டு கோல்டுஃபிஷ்ஷை விட்டேன். ஒரே வாரத்தில் எல்லாம் போய்விட்டன. இரண்டு நாளில் குளோரின் வேண்டுமானால் போகலாம். மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் வருகிற அம்மோனியாவைத் தின்ன ஆள் வேண்டுமே! அந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். தயிர் உறைகிற வேகம் இதற்குக் கிடையாது, ஒன்று இரண்டாகவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிவிடும்.

இந்த இரண்டடித் தொட்டியில் மீன் இல்லை. தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு அழுகவிட்டேன். ஒன்பதாம் நாள் அம்மோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம். இருபத்துமூன்றாம் நாள் சுத்தமாக பூஜ்யம். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சந்தோஷமாகப் போய் மீன் வாங்கி வந்துவிடுவார்கள். அன்றைக்கே நைட்ரைட் டெஸ்ட் செய்தேன், டியூப் அடர் ஊதா!

காரணம் இதுதான். முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதை நைட்ரேட்டாக மாற்றுவது வேறு கூட்டம். முதல் கூட்டம் சமைத்துப் போட்டால்தான் அதற்குச் சாப்பாடு, அதனால் பிந்தித்தான் வளரும். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாது. செவுள் பழுப்பாகி, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும்.

என் தொட்டியில் நைட்ரைட் பூஜ்யமானது முப்பத்தெட்டாம் நாள். அப்புறமும் ஒரு சோதனை வைத்தேன். அம்மோனியா கரைசலை 2 பிபிஎம் வரும் அளவுக்கு ஊற்றி, மறுநாள் பார்த்தேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். பிறகுதான் மூன்றே மூன்று மீன்.

போர் தண்ணீர்க்காரர்கள் பிஹெச்சையும் பாருங்கள். நம் ஊர் வெயிலில், பிஹெச் 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் கடும் விஷமான பகுதி நூற்றில் ஒரு பங்குகூட இராது. 8 ஆனால் ஆறேழு பங்கு ஆகிவிடும். கிட் காட்டுகிற எண் ஒன்றுதான், ஆனால் மீன் படுகிற பாடு வேறு.

ஏற்கனவே மீன் விட்டுவிட்டீர்களா? தீவனத்தைப் பாதியாக்குங்கள், குளோரின் நீக்கிய தண்ணீரில் தினமும் கால்வாசி மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் மட்டும் கழுவாதீர்கள், அங்கே வருகிற குளோரின் இத்தனை வாரம் வளர்ந்ததைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஒரு பிழி பிழிந்தால் போதும்.