டோக்கன் செருகியும் வருமான வரித் தளம் கண்டுகொள்ளவில்லையா? எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்ப்போம்

[திரையில்: இந்திய வருமான வரித் தளத்தின் Data Sign பக்கம். Provider பட்டியல் காலியாக இருக்கிறது.]

வணக்கம். சிங்கப்பூரில் வேலை, ஊரில் குடும்பக் கம்பெனி, அதில் நீங்களும் ஒரு டைரக்டர். இப்படி இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தியாவில் கம்பெனியின் வருமான வரிக் கணக்கான ITR-6-ஐ டைரக்டர் தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். அந்தக் கையெழுத்து ஒரு யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. டோக்கனைச் செருகுகிறீர்கள், விளக்கு எரிகிறது, ஆனால் தளத்தில் ஒன்றுமே வரவில்லை.

இங்கே ஐராஸ் தளத்தில் சிங்பாஸை ஸ்கேன் செய்து உள்ளே போய்ப் பழகியவர்களுக்கு இது புரியாத புதிராக இருக்கும். ஒரு விஷயம் தெரிந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: பிரவுசர் உங்கள் டோக்கனை நேரடியாகப் பார்ப்பதே இல்லை.

[திரையில்: டோக்கன், டிரைவர், emBridge, பிரவுசர் என நான்கு பெட்டிகள், நடுவில் அம்புக்குறிகள்.]

டோக்கனோடு பேசுவது அதன் டிரைவர். டிரைவரோடு பேசுவது, வரித் தளத்திலிருந்து இறக்கி நிறுவும் emBridge என்ற சின்ன மென்பொருள். பிரவுசர் அந்த emBridge-இடம் மட்டும்தான் கேட்கிறது. இந்த வரிசையில் எது அறுந்தாலும், நமக்குத் தெரிவது ஒரே காலிப் பட்டியல்தான். அதனால் பிரவுசரை மாற்றி மாற்றித் திறந்து பார்ப்பதில் நேரம் வீணாகும். டோக்கன் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் டோக்கனோடு வந்த மென்பொருளைத் திறங்கள். ePass2003 என்றால் அதற்கு ஒன்று, ProxKey என்றால் அதற்கு வேறொன்று. உள்ளே உங்கள் பெயரில் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் தெரிகிறதா, அது காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே தெரியவில்லை என்றால் வரித் தளத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லை. டிரைவர் நிறுவப்படவில்லை, அல்லது யுஎஸ்பி வழி அடைபட்டிருக்கிறது.

சிங்கப்பூரில் இது அடிக்கடி நடப்பது ஆபீஸ் லேப்டாப்பில். பல கம்பெனிகள் யுஎஸ்பி சேமிப்புக் கருவிகளைத் தடுத்து வைத்திருக்கும். டோக்கன் உண்மையில் ஸ்மார்ட் கார்டு வகையைச் சேர்ந்தது, பென்டிரைவ் மாதிரி இல்லை. ஆனால் சில டோக்கன்கள், டிரைவரை நிறுவும் கோப்பை ஒரு சிடி டிரைவ் போலத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். தடுப்பு இருந்தால் அந்த டிரைவ் தோன்றாது, டிரைவரும் நிறுவ முடியாது. அட்மின் உரிமையும் உங்களிடம் இருக்காது. இதில் மல்லுக்கட்ட வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்பை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் சொந்த விண்டோஸ் லேப்டாப்புக்கு மாறுங்கள். முதலாளியின் கணினியில் சொந்தக் கம்பெனியின் கையெழுத்தைப் போடுவதும் சரியான பழக்கம் இல்லை என்பது என் கருத்து.

சான்றிதழ் தெரிகிறது என்றால் அடுத்து emBridge. அது ஓடினால் கணினியில் 26769 என்ற போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் இந்த இரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

```
netstat -ano | findstr 26769
ping localhost.emudhra.com
```

முதல் வரிக்கு LISTENING என்று பதில் வந்தால் emBridge ஓடுகிறது. ஒன்றும் வராவிட்டால் அது ஓடவில்லை. ரைட் கிளிக் செய்து அட்மினாக ஓட்டுங்கள். இரண்டாவது வரிக்கு 127.0.0.1 என்ற முகவரி வர வேண்டும். அதாவது, பெயரைப் பார்த்தால் வெளியே எங்கோ இருக்கும் தளம் போலத் தோன்றினாலும், பிரவுசர் கூப்பிடுவது உங்கள் கணினியைத்தான். விபிஎன் அல்லது ப்ராக்ஸி ஓடினால் இந்த அழைப்பு வெளியே திருப்பிவிடப்பட்டு எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடலாம். கையெழுத்துப் போடும்வரை விபிஎன்னை அணைத்து வையுங்கள்.

ஜிஎஸ்டி தளத்துக்கு எப்போதோ நிறுவிய emSigner இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது வேறு மென்பொருள், வேறு போர்ட்.

கடைசியாகத்தான் பிரவுசர். 2025 அக்டோபரில் வந்த குரோம் 142-இலிருந்து, இணையதளம் ஒன்று உங்கள் கணினிக்குள் இருக்கும் மென்பொருளை அழைத்தால் குரோம் உங்களிடம் அனுமதி கேட்கும். அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துப் பயந்து பிளாக் கொடுத்திருந்தால், அதற்கப்புறம் அது கேட்காது, தளமும் டோக்கன் இல்லை என்றே சொல்லும். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தை அழுத்தி, Site settings போய், Local network access அல்லது இந்தக் கணினியில் உள்ள மென்பொருள்களை அணுகும் அனுமதி, இதில் எது இருக்கிறதோ அதை Allow என்று மாற்றிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள்.

[திரையில்: ரிமோட் டெஸ்க்டாப் வழியே திறந்த ஊர்க் கணினி.]

இப்போது ஒரு குறிப்பிட்ட நிலைமை. ஜூரோங்கில் இருக்கும் ஒருவர், டோக்கனைத் திருச்சி ஆபீஸ் கணினியிலேயே செருகி வைத்திருக்கிறார். இங்கிருந்து விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் அதற்குள் போய்க் கையெழுத்துப் போடப் பார்க்கிறார். டிரைவர் சரி, emBridge சரி, பிரவுசர் சரி, ஆனாலும் டோக்கன் இல்லை. ஆபீஸில் இருக்கும் தம்பி அதே கணினி முன் உட்கார்ந்தால் டோக்கன் தெரிகிறது!

கணினியில் கோளாறு எதுவும் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பின் அமைப்பே அப்படி. அந்த வழியில் உள்ளே போனதும், விண்டோஸ் ஸ்மார்ட் கார்டைத் தேடுவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம், அதாவது ஜூரோங்கில். திருச்சியில் செருகியிருப்பதை அந்த செஷன் பார்க்காது.

தீர்வு இரண்டு. ஒன்று, ரிமோட் டெஸ்க்டாப்பை விட்டு முழுதாக வெளியேறி, எனிடெஸ்க் மாதிரி அந்தக் கணினியின் நேர்த்திரையையே காட்டும் மென்பொருளில் போவது. தம்பி அங்கே விண்டோஸில் உள்நுழைந்து வைத்தால், அவருக்குத் தெரியும் டோக்கன் உங்களுக்கும் தெரியும். டோக்கனின் பின் எண்ணை மட்டும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள், போனில் சொல்லாதீர்கள். டோக்கனுக்குள் இருக்கும் கையெழுத்துச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-ஆம் பிரிவில், சான்றிதழ் வைத்திருப்பவர் மேல்தான் சுமத்துகிறது.

இரண்டாவது வழியை நான் அதிகம் பரிந்துரைப்பேன்: டோக்கனைச் சிங்கப்பூருக்கே வரவழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்து உங்களிடம் இருப்பதுதான் முறை. சொந்த லேப்டாப்பில் டிரைவரும் emBridge-உம் நிறுவிவிட்டால் ரிமோட்டே தேவையில்லை.

என்ன செய்தாலும் சரி, டோக்கன் மென்பொருளில் Initialize அல்லது Format என்று இருப்பதைத் தொடாதீர்கள். டோக்கன் தெரியவில்லையே என்ற எரிச்சலில் அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் சாவியும் சான்றிதழும் அழிந்துவிடும். அதற்கு நகல் கிடையாது, புதிதாக விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். பின் எண்ணைத் தொடர்ந்து தப்பாகக் கொடுத்தாலும் டோக்கன் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை தப்பானாலே நிறுத்திவிட்டு, பின் எண்ணை எழுதி வைத்த இடத்தைத் தேடுங்கள்.

கெடு நாளில் இதைச் செய்கிறீர்கள் என்றால், இந்திய நள்ளிரவு நமக்கு விடிகாலை இரண்டரை மணி. ஆனால் அந்த நேரத்தில் டோக்கன் விற்றவரின் உதவி எண்ணில் யாரும் போனை எடுக்கமாட்டார்கள். டோக்கன் மென்பொருளில் சான்றிதழ் தெரிகிறதா என்ற முதல் சோதனையை மட்டுமாவது ஒரு வாரம் முன்னாலேயே செய்து வையுங்கள்.