அவள் பார்க்காத பத்து நிமிடங்கள்

“இளைஞர்களின் காதல் எண்ணத்தை உருவாக்குவது திரையா, வீடா?” நடுவர் கேட்ட கேள்வி இது.

நடுவர் அவர்களே, திரைதான் என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எதிரணிப் பேராசிரியர் ஐயா கேட்டார்: “ஒரே படத்தை லட்சம் பேர் பார்க்கிறார்கள், எல்லோருமா பெண்களைத் துரத்துகிறார்கள்?” இதில் பாதி உண்மை, ஏற்கிறேன். படம் யாரையும் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போவதில்லை. ஆனால் துரத்துகிறவன் செய்வதற்குக் காதல் என்று பெயர் சூட்டுகிறது. துரத்தாதவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவதும் அந்தப் பெயரால்தான்.

எப்படி நடக்கிறது இது? முதல் பத்து நிமிடத்திலேயே நாயகன் நல்லவன் என்று நமக்குக் காட்டிவிடுகிறார்கள். அம்மாவிடம் பாசம், ஏழைக்கு உதவி. பிறகு அவன் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு பெண்ணின் பின்னால் நடக்கும்போது நாம் பதறுவதில்லை. அந்தப் பெண் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்க்கவில்லையே ஐயா! அவளுக்குக் கேட்பது முதுகுக்குப் பின்னால் வரும் காலடி ஓசை மட்டும். முதல் சரணத்தில் முறைத்தவள் இரண்டாம் சரணத்தில் சிரித்துவிடுகிறாள். அவளுடைய மறுப்பு நான்கு நிமிடத் தாமதமாகச் சுருங்கிப்போகிறது.

2015இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், பெண்களை விடாமல் தொல்லைப்படுத்திய ஓர் இந்திய இளைஞர் மீது வழக்கு நடந்தது. விடாமல் துரத்தினால் பெண் மனம் மாறுவாள் என்று காட்டும் இந்திப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர் என்று அவருடைய வழக்கறிஞர் வாதாடினார். அந்த இளைஞர் சிறை செல்லாமல் தப்பினார். நம் நாட்டிலோ 2013இல் வந்த சட்டத் திருத்தம், பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்வதைக் குற்றமாக்கியது. படத்தில் கதை சூடுபிடிப்பதே அந்த இடத்தில்தான்.

எதிரணிச் சகோதரி தம் பெரியப்பாவைச் சொன்னார்: இரண்டு வருடம் கடிதம் எழுதியே பெரியம்மாவை மணந்தாராம். மகிழ்ச்சி அம்மா. பெரியம்மா பதில் எழுதினார்களா? எழுதினார்கள் என்றால் அது வேறு கதை. நான் பேசுவது பதில் வராத கடிதங்களைப் பற்றி.

வீட்டின் பங்கு எவ்வளவு என்று எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரவு எட்டு மணிக்கு வீடும் தொலைக்காட்சித் தொடரும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. திரையில் ஒரு பெண்ணுக்குக் கட்டாயத் தாலி ஏறுகிறது. “கழுத்தில் ஏறியது ஏறியதுதான்” என்று தொடரில் மாமியார் சொல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டி தலையசைக்கிறார். பள்ளிக்கூடப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அடுத்த முந்நூறு நாள் கட்டியவனுக்காகத் தாலி ஏறியவளின் மனம் கரைவதுதான் கதை.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிரிவு 12 வேறொன்று சொல்கிறது. வற்புறுத்திச் சம்மதம் வாங்கிய திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வற்புறுத்தல் ஓய்ந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். முழு மனதோடு சேர்ந்து வாழத் தொடங்கிவிட்டால் அந்த வழியும் அடைபடும். தொடரில் அவள் மனம் மாறுவதற்குள் அந்த ஓராண்டு ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. நான் பார்த்த எந்தத் தொடரிலும், அப்படி ஓர் ஆண்டு இருக்கிறது என்று ஒரு தோழிகூட அவளிடம் சொன்னதில்லை.

வணக்கம்.