கழுவினால் வேறு, கழுவினேன் என்றால் வேறு

நேயர்களுக்கு வணக்கம். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். மறுபடியும் பந்தியில் அமர்ந்து, செய்ததற்கு விளக்கம் சொல்கிறார். அந்த விளக்கத்தில் வரும் நிபந்தனைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து வேத பாட வகுப்பில், 14ஆம் வசனத்தை நானே கிரேக்கத்திலிருந்து பெயர்த்து, "ஆண்டவரும் போதகருமான நான் உங்கள் கால்களைக் கழுவினால்" என்று வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "ஏன் ஐயா, இப்போதுதானே கழுவி முடித்தார்? இனிமேல் கழுவப்போகிறவர் போல வாசிக்கிறீர்களே?" என்று கேட்டார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் கேட்டது முழுக்க முழுக்கச் சரி.

கிரேக்கத்தில் அங்கே இருப்பது நிபந்தனையைக் காட்டும் 'எய்' என்ற சொல்லும், நடந்ததைச் சொல்லும் இறந்தகால வினையும். நம்முடைய 'கழுவினால்' காலம் காட்டாது; காதில் விழுந்ததும் இனி நடப்பதையே நினைக்க வைக்கும். 'கழுவினேன் என்றால்' என்று முற்றுவினையை வைத்துப் பாருங்கள், காலம் நின்றுவிடுகிறது. வீட்டில் அம்மா சொல்வதில்லையா? "இத்தனை பாத்திரத்தையும் நான் கழுவினேன் என்றால், உன் தட்டை நீ கழுவக்கூடாதா?" அதே அழுத்தம்தான். பழைய மொழிபெயர்ப்பின் 'கழுவினதுண்டானால்' என்பதும் அதைக் காப்பாற்றுகிறது.

17ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. ஒரே வாக்கியத்தில் இரண்டு நிபந்தனைகள். 'அறிந்திருக்கிறீர்கள்' என்பதற்கு 'எய்'. 'செய்வீர்கள்' என்பதற்கு 'எஆன்' என்ற வேறொரு நிபந்தனைச் சொல். அதோடு வரும் வினை, நடக்குமா நடக்காதா என்பதைத் திறந்தே வைக்கும் வடிவம். அறிவை ஏற்றுக்கொண்டு பேசுகிறார். செயலைச் சீடர்கள் கையில் விடுகிறார். "இவற்றை அறிந்திருக்கிறீர்கள் என்றால், செய்தால் பாக்கியவான்கள்." இரண்டுக்கும் வெறும் 'ஆல்' போட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

பழைய மொழிபெயர்ப்பு முதலாவதை 'அறிந்திருக்கிறபடியினால்' என்கிறது. இங்கே எனக்கு உடன்பாடில்லை. 'படியினால்' என்றதும் நிபந்தனையே போய்விடுகிறது, 'அறிந்திருக்கிறோமா?' என்று கேட்பவர் தன்னைச் சோதித்துக்கொள்ள இடமில்லை. 'எய்' வந்த இடமெல்லாம் உண்மை என்றும் சொல்ல முடியாது. மத்தேயு 12ஆம் அதிகாரம் 27ஆம் வசனத்தில் "நான் பெயெல்செபூலினாலே பிசாசுகளைத் துரத்துகிறேன் என்றால்" என்கிறார். அதுவும் 'எய்'தான். ஆனால் அது எதிராளிகளின் குற்றச்சாட்டு. வாதத்துக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறார். அங்கே 'துரத்துகிறபடியினால்' என்று எழுதினால் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த வசனத்தில், அதே வடிவில், "தேவனுடைய ஆவியினாலே" என்று தம் பக்கத்தைச் சொல்கிறார். 'என்றால்' இரண்டுக்கும் பொருந்துகிறது, கவனித்தீர்களா? அதனால்தான் திரும்பத் திரும்ப 'என்றால்' என்கிறேன்.

மூன்றாவது வகைக்கு, நடக்காததைச் சொல்லும் நிபந்தனைக்கு, நேரம் முடியப்போகிறது. யோவான் 14ஆம் அதிகாரம் 2ஆம் வசனத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்: "அப்படியில்லாதிருந்தால், நான் உங்களுக்குச் சொல்லியிருப்பேன்." 'இருந்தால்', 'இருப்பேன்' என்ற இந்த இணையே அதற்குப் போதும். வணக்கம்.