அட்டிகைக்கு எவ்வளவு கிடைக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். அடகுக்கு வரும் நகையை உரைத்துப் பார்த்து மதிப்புச் சொல்வது என் வேலை. அதனால் பழைய நகையை விற்கப் போகிறவர்கள் வழியில் என்னிடம் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவார்கள். "இன்னிக்குப் பவுன் என்ன விலை?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அது கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பலகை விலையை எதோடு பெருக்குகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. பணம் போவது அந்த இடத்தில்தான்.

பலகையில் எழுதியிருப்பது 22 கேரட் விலை. நூறு பங்கில் 91.6 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். 916 என்று முத்திரை போடுவது இதைத்தான். 24 கேரட் என்பது சுத்தத் தங்கம். 'டச்' என்று கடைக்காரர் சொல்வது, நூறு பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற எண். டச் 88 என்றால் நூறு கிராம் நகையில் 88 கிராம் சுத்தத் தங்கம். இந்த எண் சுத்தத் தங்கத்தை அளப்பதால், பெருக்க வேண்டியது சுத்தத் தங்கத்தின் விலையால். 22 கேரட் விலையில் 91.6 என்ற கழிவு ஏற்கனவே இருக்கிறது. 88 டச்சை அதனால் பெருக்கினால், செம்புக்கான கழிவு இரண்டு முறை விழுந்துவிடும். நூறு ரூபாயில் எட்டு ரூபாய் நாற்பது காசு காணாமல் போகும்.

எல்லாக் கடைக்காரரும் தெரிந்தே செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கால்குலேட்டரில் கை பழகிப் போன சிலரும் உண்டு. ஆனால் எந்தப் பழக்கமும் இதுவரை விற்கிறவர் பக்கம் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் மாமியாருடைய கெம்பு அட்டிகையைக் கொண்டு வந்தார். பழைய கட்டட வேலை. அதாவது கல்லுக்குப் பின்புறம் திறப்பில்லாமல் தங்கத் தகட்டால் மூடி, உள்ளே அரக்கு வைத்துக் கல்லை இருத்தியிருப்பார்கள். தராசில் 46 கிராம். தங்க விலை நாளுக்கு நாள் மாறுவதால், மனதில் நிற்கட்டும் என்று சுத்தத் தங்கத்தைக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 22 கேரட் கிராம் 9,160.

முதல் கடையில் அட்டிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, கல்லும் அரக்குமா பத்து கிராம் போயிரும்" என்றார்கள். மீதி 36. கேரட் மீட்டரில் வைத்ததில் 88 டச். 36 கிராமுக்கு 31.68 கிராம் சுத்தம். அதை 9,160ஆல் பெருக்கி, உருக்குச் சேதம் என்று நூற்றுக்கு மூன்று கழித்து, துண்டுச் சீட்டில் 2,81,483 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆச்சி அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி, "தம்பி, இது சரியா இருக்கா?" என்று கேட்டார்.

சீட்டில் மூன்று சங்கதி இருந்தது. பத்து கிராம் என்பது கண் மதிப்பு, யாரும் நிறுக்கவில்லை. 88 என்பது மேற்பரப்பின் டச். பெருக்கியது 22 கேரட் விலையால். மூன்றாவதை மட்டும் திருத்தியிருந்தாலே, கழிவுக்கு முன்பு 26,600 ரூபாய் கூடியிருக்கும்.

இந்த மேற்பரப்பு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேரட் மீட்டர் என்பது எக்ஸ்கதிர் அடித்து, திரும்பி வரும் கதிரை வைத்து என்ன உலோகம் எவ்வளவு என்று சொல்லும் கருவி. நகைக்குச் சேதமில்லை, ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது தங்கத்துக்குள் எட்டிப் பார்க்கும் ஆழம் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அந்தக் காலத்து ஆசாரி வேலை முடிந்ததும் உப்பு, படிகாரம் போன்றவற்றில் கொதிக்க வைத்து நிறம் ஏற்றுவார். அப்போது மேலே இருக்கும் செம்பு கரைந்து போய், தங்கம் மட்டும் தோல் போல நிற்கும். கருவி அந்தத் தோலைத்தான் படிக்கிறது. உரைகல்லில் ஒரு கீறு கீறி, டச் தெரிந்த தங்க ஊசியான மாற்றாணியின் கீறோடு ஒப்பிட்டு ஆசிட் விட்டுப் பார்ப்பதற்கும் இதே குறை உண்டு. நான் உரைக்கும்போது, தேய்மானம் பட்ட பின்புறத்தில் முதலில் ஒரு கீறு கீறித் துடைத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டாவது கீறைத்தான் கணக்கில் எடுப்பேன்.

பற்று இன்னொரு சங்கதி. இரண்டு துண்டை ஒட்டவைக்கும் பொடியில் தங்கம் குறைவு. சின்னச் சின்ன அரும்பும் கம்பியுமாகக் கோத்த நகையில் பற்றுகள் ஏராளம். முன்பக்கம் 88 காட்டும் அட்டிகை பற்று ஓரத்தில் 80கூடக் காட்டும். கருவியில் வைக்கும்போது முன்புறம், பின்புறம், ஒரு பற்று ஓரம் என்று மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால் உருக்காமலேயே பேரம் பேசலாம். மூன்று, நான்கு புள்ளி விலகினால் உருக்கினால்தான் உண்மை தெரியும்.

ஆச்சி இன்னொரு கடைக்குப் போனார். அங்கே அவர் கண் முன்னாலேயே பிரித்தார்கள். கல் 5.2 கிராம், அரக்கு 1.8 கிராம். ஆக 7 கிராம்தான், பத்து இல்லை. மீதி 39 கிராமை மூசையில் போட்டு வெண்காரம் சேர்த்து உருக்கினார்கள். ஆறவைத்துக் கழுவி நிறுத்தபோது கட்டி 38.4 கிராம். இடுக்கில் ஒட்டியிருந்த அரக்கு, அழுக்கு, பற்றில் ஆவியாகிற துத்தநாகம் எல்லாம் சேர்ந்து 0.6 கிராம் போனது. இது நியாயமான சேதம். பிரித்துச் சுத்தம் செய்த பிறகும் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்தால் மூசையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி போல உறைந்த வெண்காரத்துக்குள் தங்க மணிகள் நிற்கும்.

கட்டியின் இரண்டு பக்கமும் டச் பார்த்தார்கள். 84.5. ஆச்சிக்கு முகம் வாடிவிட்டது. 88 என்றது குறைந்துவிட்டதே என்று. ஆனால் கணக்கு வேறு. 38.4 கிராமில் 84.5 பங்கு என்றால் 32.448 கிராம் சுத்தம். கிராம் 10,000 வீதம் 3,24,480. கடைக்காரர் லாபத்துக்கு நூற்றுக்கு இரண்டு கழித்து 3,17,990 கொடுத்தார். முதல் சீட்டைவிட 36,500 ரூபாய் கூடுதல். டச் குறைந்தும் தொகை கூடியது, கல் எடையை நிறுத்ததாலும் சரியான விலையால் பெருக்கியதாலும். உருக்குச் சேதம் நிஜமாகவே போய்விட்டதால் அதற்கென்று இன்னொரு சதவீதம் கழிக்க இடமே இல்லை. உருக்கிய பிறகும் 'சேதம்' என்று யாராவது கழித்தால் அது லாபத்துக்கு வைத்த இன்னொரு பெயர்.

பிரித்த கெம்புகளை ஆச்சி பொட்டலமாக வாங்கிக்கொண்டார். கல் எடையைக் கழித்துவிட்டு கல்லையும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். என்ன தர்மம் என்று எனக்குப் புரிந்ததில்லை. பழைய கெம்பும் வைரமும் தனியாக மதிப்புப் பார்க்க வேண்டியவை. முழுதாக இருக்கும் கழுத்துரு போன்ற கைவேலை நகையை, உருக்குவதற்கு முன் பழைய நகையை நகையாகவே வாங்குகிறவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள். உருக்கியபின் கேட்டுப் பயனில்லை.

கடைச் சோதனையில் நம்பிக்கை இல்லாவிட்டால் ஹால்மார்க் மையத்தில் நாமே கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். நகைக்கடைக்காரர் மூலமாகப் போக வேண்டியதில்லை. அங்கே தீச்சோதனையும் உண்டு. கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, ஈயத்தோடும் வெள்ளியோடும் உலையில் வைப்பார்கள். ஈயம் செம்பை இழுத்துக்கொண்டு மண் கிண்ணத்தில் ஊறிவிடும். மிஞ்சும் மணியை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். அதை நிறுத்துச் சொல்கிற டச்சை யாரும் மறுக்க முடியாது. ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹால்மார்க் அடையாள எண்ணான ஹெச்.யூ.ஐ.டி. உள்ள புது நகைக்கு இத்தனை பாடு இல்லை. கே.டி.எம். என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அது பற்று வைத்த முறையைச் சொல்கிறது, டச்சைச் சொல்லவில்லை.

வெள்ளியைப் பற்றிச் சுருக்கமாக. கூஜா, குத்துவிளக்கு, சந்தனக் கும்பா எல்லாம் ஒரே டச்சில் இருக்காது, கொலுசு இன்னும் இறங்கும். மொத்தமாகத் தராசில் போட்டு ஒரே டச் பேசவிடாதீர்கள். குத்துவிளக்கின் தண்டைத் தட்டிப் பாருங்கள். மொத்தென்று கேட்டால் உள்ளே அரக்கு இருக்கும். ஜெர்மன் சில்வர் என்பதில் வெள்ளியே கிடையாது; செம்பு, நிக்கல், துத்தநாகம்தான்.

நம் பக்கத்து வீடுகளில் பெட்டியடியில் கிடக்கும் வெள்ளி ரூபாய்களை ஆண்டு பார்த்துப் பிரித்து வையுங்கள். 1939 வரை அடித்த ராஜா ராணி ரூபாய் 11.66 கிராம், 91.7 டச்; ஒன்றில் 10.69 கிராம் வெள்ளி. 1940இலிருந்து அதே எடையில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947 ரூபாய் வெறும் நிக்கல். எல்லாவற்றையும் கலந்து கொடுத்தால் கடைக்காரர் மட்டமானதை வைத்துத்தான் விலை சொல்வார். சில ஆண்டு நாணயங்களுக்குச் சேகரிப்பவர்களிடம் வெள்ளி விலையைவிட அதிகம் கிடைக்கும்.

"பழசுக்குக் கழிவே இல்லை, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் கடையில், புது நகைக்குச் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். புது நகைக்கு நூற்றுக்கு மூன்று ஜி.எஸ்.டி.யும் உண்டு. வீட்டு நகையை விற்கும் உங்களிடம் ஜி.எஸ்.டி. என்று எதையும் கழிக்கக் கூடாது. பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரருக்கு வருமான வரிக் கணக்கில் அது செலவாக ஏறாது. அதனால் காசோலையோ வங்கிக் கணக்கில் போடுவதோதான் வழக்கம். சீட்டில் மொத்த எடை, கல் எடை, உருக்கிய எடை, டச், எந்த விலையால் பெருக்கினார்கள் என்ற ஐந்தும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.