8000 சொல்லை 5000 ஆக்க ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை சதவீதம் வெட்டுவது?

[திரை: மேசையில் அச்செடுத்த தாள்கட்டு. முதல் பக்க மூலையில் பென்சிலால் 8000 → 5000.]

வணக்கம். இந்தத் தாள்கட்டு என் அக்கா மகள் எழுதிய கதை. கொட்டாஞ்சேனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஒரு அப்பாவையும் அவருடைய மகளையும் பற்றியது. எழுதி முடித்தபோது 8000 சொல் வந்தது. அனுப்ப நினைத்த போட்டியில் 5000 சொல்லுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். கையில் மூன்று வாரம் இருந்தது. வாரத்துக்கு ஒரு சுற்றாக மூன்று சுற்றில் வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். நல்ல முடிவுதான். ஒரே மூச்சில் வெட்டினால் எதை எடுத்தோம், எது தொங்குகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

சதவீதத்தை அவள் இப்படிக் கணக்குப் போட்டாள். 8000இல் 3000 போக வேண்டும். அது 37.5 சதவீதம். மூன்று சுற்று என்பதால் மூன்றால் வகுத்தாள். சுற்றுக்கு 12.5 சதவீதம்.

[திரை: 8000 → 7000 → 6125 → 5359]

முடிவுத் திகதிக்கு முதல் நாள் இரவு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தாள். "சித்தி, நான் சொன்ன சதவீதத்தைக் குறையாமல் வெட்டினேன். எப்படி 359 சொல் மிஞ்சியது?" என்று கேட்டாள். அன்றிரவே அந்த 359ஐயும் கதையின் கடைசிப் பகுதியிலிருந்து பிய்த்து எடுத்தாள். முடிவு சிதைந்துவிட்டது. அந்தக் கதையை அவள் அனுப்பவில்லை.

அவள் வெட்டியதில் பிழை இல்லை. பிழை அந்த வகுத்தலில் இருந்தது. முதல் சுற்றின் 12.5 சதவீதம் 8000இல் எடுத்தது, அதனால் 1000 சொல் போனது. இரண்டாம் சுற்றில் கையில் இருந்ததே 7000தான். அதன் 12.5 சதவீதம் 875. மூன்றாம் சுற்றில் 766. சதவீதம் ஒன்றுதான், ஆனால் அது எடுக்கப்படும் மொத்தம் ஒவ்வொரு முறையும் சுருங்குகிறது. ஆகவே மூன்று 12.5ஐக் கூட்டினால் 37.5 வராது. உண்மையில் வெட்டுப்பட்டது 33 சதவீதம் மட்டும்தான்.

சரி, எப்படிக் கணக்குப் போடுவது? போவதைப் பார்க்காமல் மிஞ்சுவதைப் பாருங்கள். 5000ஐ 8000ஆல் வகுத்தால் 0.625. கதையில் மொத்தமாக மிஞ்ச வேண்டிய பங்கு அது. ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சும் பங்கை மூன்று முறை ஒன்றோடொன்று பெருக்கினால் இந்த 0.625 வர வேண்டும். எந்த எண்ணைத் தன்னாலேயே மூன்று முறை பெருக்கினால் 0.625 கிடைக்கும்? அதுதான் கனமூலம். விடை 0.855. ஒவ்வொரு சுற்றிலும் 85.5 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்றால், வெட்ட வேண்டியது 14.5 சதவீதம்.

எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஒரு கட்டத்தில் இதை அப்படியே தட்டினால் போதும்:

```
=1-(5000/8000)^(1/3)
```

0.145 என்று வரும். கடைசியில் இருக்கும் 3தான் சுற்றுகளின் எண்ணிக்கை. நான்கு சுற்று என்றால் 4 போடுங்கள். சாதாரணக் கல்குலேட்டர் மட்டும்தான் இருக்கிறதா? இரண்டு சுற்றுக்கு 0.625ஐத் தட்டி வர்க்கமூலப் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். நான்கு சுற்றுக்கு இரண்டு முறை. வருவது மிஞ்ச வேண்டிய பங்கு. அதை 1இலிருந்து கழித்தால் வெட்ட வேண்டியது கிடைக்கும். மூன்று சுற்றுக்குத்தான் கொஞ்சம் ஊகிக்க வேண்டும். 0.85ஐ மூன்று முறை பெருக்கினால் 0.614, இது குறைவு. 0.86ஐப் பெருக்கினால் 0.636, இது கூட. இரண்டுக்கும் நடுவில் 0.855.

[திரை: 8000 → 6840 → 5848 → 5000]

கணக்கு இப்போது சரியாக வந்து நிற்கிறது. ஆனால் இந்தச் சமமான 14.5ஐ நான் கதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று சுற்றும் ஒரே வேலையைச் செய்வதில்லையே. முதல் சுற்றில் காட்சிகளையும் பாத்திரங்களையும் பத்திகளையும் முழுதாகத் தூக்குகிறோம். இரண்டாவதில் வாக்கியங்களைச் சுருக்குகிறோம். மூன்றாவதில் சொல் சொல்லாகப் பார்க்கிறோம். சொல் சொல்லாகப் பார்க்கும் சுற்றில் 14.5 சதவீதம் எடுப்பதென்றால் ஏழு சொல்லுக்கு ஒன்று போக வேண்டும். ஏற்கெனவே இறுக்கிய உரைநடையில் அவ்வளவு எடுத்தால் எலும்பு தெரியும்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். கடைசிச் சுற்றுக்கு 5 சதவீதம் வைக்கிறேன். இருபது சொல்லில் ஒன்று, அது தாங்கும். நடுச் சுற்றுக்கு 12. இனி 5000இலிருந்து பின்னோக்கிப் போவோம். கடைசிச் சுற்றில் 95 சதவீதம் மிஞ்ச வேண்டும், ஆகவே 5000ஐ 0.95ஆல் வகுக்கிறோம். 5263. அதை 0.88ஆல் வகுத்தால் 5981. முதல் சுற்று முடியும்போது கதை நிற்க வேண்டிய இடம் அது. 8000இலிருந்து 5981க்கு வர ஏறக்குறைய 25 சதவீதம் போக வேண்டும். நான்கு பக்கத்தில் ஒரு பக்கம்.

இந்த இடத்தில் பலர் இன்னொரு முறை வழுக்குகிறார்கள். 5000க்கு 5 சதவீதம் கூட்டி 5250 என்று போட்டுவிடுகிறார்கள். பின்னோக்கிப் போகும்போது கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். 5 சதவீதத்தில் வித்தியாசம் 13 சொல்தான். ஆனால் 25 சதவீதத்தில் பாருங்கள். 5000க்கு 25 சதவீதம் கூட்டினால் 6250. 0.75ஆல் வகுத்தால் 6667. நானூறு சொல்லுக்கு மேல் பிசகும்.

[திரை: 8000 → 5981 → 5263 → 5000. கீழே 25, 12, 5.]

சில மாதம் கழித்து, ஒரு இதழுக்காக, பழைய 8000 சொல் பிரதியிலிருந்தே அவள் மறுபடி தொடங்கினாள். அரைகுறையாக வெட்டிய பிரதியைத் தொட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முதல் சுற்றில் கடைக்கு வரும் தரகர் ஒருவர் முழுதாகப் போனார். மட்டக்களப்புக்குப் போகும் இரவு ரயில் காட்சியும் போனது. 2000 சொல் போயிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 6240இல் நிற்கிறது. காரணம் எளிது. ஒரு காட்சியை எடுத்தால் அந்த இடைவெளியை மூட புதிதாக இரண்டு மூன்று வரி எழுத வேண்டியிருக்கும். அந்த வரிகள் கணக்கில் சேர்ந்துகொள்ளும். ஆகவே எவ்வளவு வெட்டினோம் என்பதை நம்பாதீர்கள். சுற்று முடிந்த பிறகு பிரதியில் இருக்கும் எண்ணிக்கைதான் உண்மை.

இப்போது பழைய 12 சதவீதம் உதவாது. 6240இலிருந்து 5263க்கு வர வேண்டும். 5263ஐ 6240ஆல் வகுத்தால் 0.843. அதாவது நடுச் சுற்றில் 15.7 சதவீதம், ஆறு சொல்லுக்கு ஒன்று. என் அனுபவத்தில் வாக்கியச் சுற்றுக்கு 15க்கு மேல் வந்தால், முதல் சுற்று இன்னும் முடியவில்லை என்று பொருள். எங்கோ ஒரு காட்சி போக வேண்டியிருக்கிறது. அவளிடம் அதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காலி வீதியில் பஸ் பழுதாகிற காட்சி, சித்தி" என்றாள். அது போனதும் 5930. மறுபடி வகுத்தால் 11.2 சதவீதம். செய்யக்கூடிய வேலை.

வாக்கியச் சுற்று எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு வரியைக் காட்டுகிறேன்.

[திரை: "அப்பா மெதுவாக எழுந்து போய் ஜன்னல் பக்கமாக நின்று கொண்டு வெளியே பெய்து கொண்டிருந்த மழையையே பார்த்துக் கொண்டு நின்றார்."]

இதில் 15 சொல். அவள் எழுதிய மாற்று இது.

[திரை: "அப்பா எழுந்து போய் ஜன்னலடியில் நின்று மழையைப் பார்த்தார்."]

ஏழு சொல். மழை வெளியேதான் பெய்யும், அதைச் சொல்லத் தேவையில்லை. முதல் வரியில் அவர் இரண்டு முறை நிற்கிறார், ஒரு முறை போதும். இப்படிப் பாதியாகும் வரிகள் பக்கத்துக்கு மூன்று நான்கு இருந்தாலே 11 சதவீதம் கிட்டத்தட்ட வந்துவிடும். மற்ற வரிகளைத் தொட வேண்டியதில்லை.

இதே வரியை வைத்துத் தமிழில் மட்டும் வரும் ஒரு சிக்கலையும் பார்த்துவிடுவோம். "நின்று கொண்டு", "பெய்து கொண்டிருந்த", "பார்த்துக் கொண்டு" என்ற மூன்றையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். 15 சொல் 12 ஆகிவிடும். ஓர் எழுத்தும் போகவில்லை, எண்ணிக்கை மட்டும் 20 சதவீதம் இறங்கிவிட்டது. கணினி இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகிறது. நீங்கள் நடுச் சுற்றில் சேர்த்து எழுதத் தொடங்கினால் வெட்டியதாகத் தோன்றும், கதை அப்படியே நீண்டு கிடக்கும். ஆகவே சேர்த்தா, பிரித்தா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பிரதி முழுவதையும் அதற்கேற்பத் திருத்திவிட்டு, அதற்குப் பிறகு வரும் எண்ணை உங்கள் தொடக்க எண்ணாக வையுங்கள். கேள்விக்குறிக்கு முன்னால் இடைவெளி விடும் பழக்கம் இருந்தால் அதையும் அப்போதே எடுத்துவிடுங்கள். தனியாக நிற்கும் குறியையும் வேர்ட் ஒரு சொல்லாக எண்ணும்.

எண்ணிக்கையை இன்னொரு வழியிலும் சோதிக்கலாம். வேர்டின் அதே எண்ணிக்கைப் பெட்டியில் எழுத்துகளின் எண்ணும் இருக்கும். ஒரு சுற்றில் சொல் 12 சதவீதம் இறங்கியிருக்கிறது, எழுத்து 4 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது என்றால், நீங்கள் வெட்டவில்லை, ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இறங்க வேண்டும்.

[திரை: பக்க ஓரத்தில் பென்சில் கோடுகள், ஐந்து ஐந்தாக.]

நடுச் சுற்று முடிந்தபோது 5270. கடைசிச் சுற்றுக்கு 270 சொல், அதாவது 5.1 சதவீதம். இந்தச் சுற்றில் சதவீதத்தை அவள் மறந்துவிட்டாள். பிரதி 18 பக்கம் வந்தது. 270ஐ 18ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 15 சொல். ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டு வாசித்து, ஒரு சொல்லை அடிக்கும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். ஐந்தைந்தாக மூன்று கட்டு நிறைந்ததும் பக்கத்தைத் திருப்பினாள். மகள் கடையின் பலகைக் கதவைச் சாத்தும் கடைசிப் பக்கத்தில் நான்கு கோடுதான் விழுந்தது. அந்தப் பக்கத்தை அதற்கு மேல் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டாள். குறைந்த 11 சொல்லையும், கூடவே கொஞ்சத்தையும், முன் பக்கங்களில் எடுத்தாள். 4991இல் அனுப்பினாள்.