நீலம் என்பது நிறமல்ல

நேயர்களுக்கு வணக்கம்.

போச்சம்பள்ளி வட்டாரத்தில் இருக்கும் சந்தூர், மாங்கன்றுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு நாற்றங்காலுக்காக நான் பார்த்துவரும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அந்த நாற்றங்கால் சமூக ஊடகங்களில் தினமும் இரண்டு படங்கள் வெளியிடுகிறது. மாதத் தொடக்கத்திலேயே எல்லாப் படங்களையும் ஏற்றி, எந்தப் படம் எந்த நாளில் எத்தனை மணிக்கு வெளியாக வேண்டும் என்று குறித்துவைத்துவிடுகிறார்கள். போன ஆடி மாதத்துக்கு மொத்தம் 62 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மாற்று உரை வேண்டும்.

மாற்று உரை என்பது படத்தோடு சேர்த்து வைக்கும், பார்வைக்குத் தெரியாத வாசகம். பார்வையற்ற ஒருவர் தம் கைபேசியில் டாக்பேக் மூலமாகவோ, கணினியில் என்விடிஏ மூலமாகவோ பதிவுகளைக் கேட்டுக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் வரும் இடத்தில் அந்தத் திரைவாசிப்பான் இந்த வாசகத்தைக் குரலில் சொல்லும். வாசகம் இல்லையென்றால் 'படம்' என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடும்.

அறுபத்திரண்டு வாசகங்களையும் கையால் எழுத இரண்டு நாள் ஆகும். அதனால் படங்களை மொத்தமாக ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குக் கொடுத்தோம். சில நிமிடங்களில் அத்தனைக்கும் விவரிப்பு வந்துவிட்டது. அதைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

முதல் நாளே ஒரு வரியில் நின்றுவிட்டேன். கருப்புப் பையில் ஒரு கன்று. பையில் கட்டியிருந்த அட்டையில் 'நீலம்' என்று கையால் எழுதியிருந்தது. கருவி தந்த வரி இது: 'நீல நிற அடையாள அட்டையுடன் கருப்புப் பையில் வளரும் சிறிய செடி.' அட்டை வெள்ளை. நீலம் என்பது மாமரத்தின் ரகம். நம் பக்கத்தில் பெங்களூராவும் செந்தூராவும் முடிந்த பிறகு, பருவத்தின் கடைசியில் பழுக்கும் ரகம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கருவிக்கு அது நிறம்.

இந்தப் பிழையின் ஆபத்து என்னவென்றால், வாசகம் காதுக்கு உறுத்தவே இல்லை. இலக்கணம் சரி, ஓட்டம் சரி. மாற்று உரை காலியாக இருந்தால் கேட்பவருக்கு ஏதோ விடுபட்டது தெரியும், தொலைபேசியில் கேட்டுக்கொள்வார். தவறான வாசகத்தை அவரால் கண்டுபிடிக்கவே முடியாது. படத்தைப் பார்க்க முடிகிற நாம்தான் அந்தத் தவறைப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவர் கவனிக்காமல் விட்டால், அது யாராலும் பிடிக்கப்படாமலே போய்விடும்.

ஆகவே நான் வைத்துக்கொண்ட முறை இதுதான். முதலில் வாசகத்தை மறைத்துவிட்டுப் படத்தைப் பார்ப்பேன். என்ன தெரிகிறது, இதை எதற்காக வெளியிடுகிறார்கள் என்று ஒரு சிறு வாக்கியம் மனதில் அமைத்துக்கொள்வேன். அதன் பிறகே கருவி எழுதியதைத் திறப்பேன். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று நான் அனுபவித்திருக்கிறேன். 'சிவந்த ஆப்பிள்கள் நிறைந்த கூடை' என்று முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். ஒரு கணம் எனக்கும் ஆப்பிளாகவே தெரிந்தது. உண்மையில் அவை காம்புப் பக்கம் சிவப்பேறிய செந்தூரா. வாசகம் முந்திக்கொண்டால் கண் அதற்குத் தலையாட்டிவிடுகிறது. நாற்பது படங்களுக்கு மேல் ஒரே மூச்சில் பார்த்தாலும் இதே கதிதான். அதனால் இருபது முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

இன்னொரு வகைக் குறை இருக்கிறது. அதில் பொய் எதுவும் இராது, ஆனால் பயனும் இராது. 'கருப்புப் பையில் ஒரு சிறிய தாவரம்' என்று கருவி பதினோரு படங்களுக்கு எழுதியிருந்தது. ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் ஒட்டுக்கன்று வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது ஒட்டுச் சேர்ந்த இடத்தை. அடித்தண்டும் மேலே ஒட்டிய குச்சியும் நன்றாகக் கூடியிருக்கின்றனவா, பாலித்தீன் பட்டை இன்னும் சுற்றியிருக்கிறதா, அதற்கு மேல் புதுத் தளிர் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். கண் தெரிந்தவர் படத்தில் பார்க்கும் இந்த மூன்றும் மாற்று உரையில் இருக்க வேண்டும். அப்படி நான் திருத்திய ஒரு வரி: 'நீலம் ரக மா ஒட்டுக்கன்று, கருப்புப் பையில். ஒட்டுப் போட்ட இடத்தில் பாலித்தீன் பட்டை சுற்றியிருக்கிறது. அதற்கு மேல் செந்நிறத் தளிர் ஆறு இலைகளுடன் விரிந்திருக்கிறது.' கேட்பவர் பாதியில் அடுத்ததற்குத் தாவினாலும் முதல் நான்கு சொற்களில் ரகம் காதில் விழுந்துவிடும். கன்றின் உயரத்தை நான் எழுதவில்லை. படத்தில் அளவுகோல் இல்லாமல் அடிக்கணக்குச் சொல்வது ஊகம்.

ரகத்தை மட்டும் நானும் ஊகிப்பதில்லை. பழமாக இருந்தால், நுனி கிளிமூக்காக வளைந்திருப்பதைக் கொண்டு பெங்களூரா என்று சொல்லிவிடலாம். கன்றை இலையை வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் 'கேள்வி' என்று குறித்து நாற்றங்கால் உரிமையாளரான அக்காவுக்கு அனுப்புவேன். எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் சரி, திருத்தம், கேள்வி என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கிறோம். கேள்வி தீராத படம் வெளியீட்டுக்குப் போகாது.

அந்த அக்காவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவரே கன்றுகளுக்கு நடுவில் குனிந்து பட்டை சுற்றும் ஒரு படம் இருந்தது. கருவி அவரை 'வயதான கூலித் தொழிலாளி' என்று எழுதியது. புடவையையும் மண் படிந்த கையையும் பார்த்து அது எடுத்த முடிவு. படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அவரிடம் கேட்டபோது, "என் தோட்டம், என் கை. அப்படியே எழுது தம்பி" என்றார். 'நாற்றங்கால் உரிமையாளர் கன்றுக்கு ஒட்டுப் பட்டை சுற்றுகிறார்' என்று மாற்றினேன். மனிதர்களின் வயது, தொழில், உறவு பற்றிக் கருவி எழுதும் எந்தச் சொல்லையும் கேட்டு உறுதி செய்யாமல் நான் விடுவதில்லை.

இத்தனை கவனமாக இருந்தும், ஆடி மாதப் படங்களில் பெரிய தவறு வேறு வழியில் வந்தது. கருவி ஒரு படத்துக்கு, பதினேழாவது படத்துக்கு, விவரிப்புத் தராமல் விட்டுவிட்டது. வந்த 61 வாசகங்களையும் அட்டவணையில் மேலிருந்து கீழாக ஒட்டியபோது, பதினெட்டாவது படத்தின் வாசகம் பதினேழுக்கு எதிரே போய் உட்கார்ந்தது. அதன் கீழே இருந்த எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டன. கடைசி வரிசை மட்டும் காலி. ஒட்டியவர், கடைசிப் படம்தான் விடுபட்டிருக்கிறது என்று எண்ணி அதற்குத் தாமே ஒரு வாசகம் எழுதிச் சேர்த்துவிட்டார். இப்போது 62 படங்கள், 62 வாசகங்கள். எண்ணிக்கை பொருந்திவிட்டது.

நான் எப்படித் தவறவிட்டேன்? என் திருத்தங்களை அதற்கு முன்பே ஒரு தனித் தாளில் முடித்திருந்தேன். அந்தத் தாளில் படமும் வாசகமும் பொருந்தியே இருந்தன. இறுதி அட்டவணைக்கு மாற்றிய பிறகு மேலோட்டமாகப் பார்த்தபோது, பதினேழு முதல் முப்பது வரை எல்லாமே கருப்புப் பைக் கன்றுகள். ஒன்றின் வாசகம் இன்னொன்றுக்கும் பொருந்துவதுபோலத்தான் தோன்றியது.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் அழைத்தார். அவருக்குப் பார்வை கிடையாது. "தம்பி, படத்தோடு எழுதியிருப்பது மல்கோவா என்கிறது, படத்தின் விவரம் இமாம்பசந்த் என்கிறது. எதற்குப் பணம் கட்டட்டும்?" என்று கேட்டார். படத்தின் கீழே இருந்த குறிப்பில் ரகத்தின் பெயர் இருந்ததால் அவரால் முரண்பாட்டைக் கண்டுகொள்ள முடிந்தது. பெயரில்லாத குறிப்போடு வெளியான மற்றப் படங்களை எத்தனை பேர் தவறாகக் கேட்டுக் கடந்தார்களோ. அன்று மாலையே மீதிப் படங்களை நிறுத்திவைத்து, பதினேழிலிருந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். வெளியான படங்களிலும் மாற்றினோம். அந்த ஆசிரியரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அதற்குப் பிறகு வாசகங்களை வரிசையை நம்பி ஒட்டுவதில்லை. கருவி தரும் ஒவ்வொரு வாசகத்தின் முன்னாலும் அந்தப் படத்தின் கோப்புப் பெயர் இருக்க வேண்டும். அட்டவணையில் கோப்புப் பெயரை வைத்தே இரண்டையும் இணைக்கிறோம். விடுபட்டது எதுவோ அந்த இடமே காலியாகத் தெரியும், மற்றவை அசையாது. கன்றுகளின் படங்களுக்கு இடையிடையே யாரும் மாற்றிப் புரிந்துகொள்ள முடியாத நான்கைந்து படங்களைக் குறித்துக்கொள்கிறேன். கிருஷ்ணகிரி அணையின் மதகு, தோட்டத்து நாய்க்குட்டி, டிராக்டர் என்று ஏதாவது இருக்கும். இறுதி அட்டவணையில் அவற்றின் வாசகம் அந்தந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால், வரிசை நழுவியது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்லாம் ஏற்றிய பிறகு, வெளியாகக் காத்திருக்கும் பதிவுகளில் சிலவற்றைத் திறந்து, மாற்று உரைப் பெட்டியில் உண்மையில் என்ன இருக்கிறது என்றும் படிக்கிறேன்.

நாள் குறித்து வெளியிடும் படங்களில் இன்னொரு சிக்கல், படத்துக்குள் எழுதிய எழுத்து. ஒரு விலைப் பட்டியல் படம் ஆடி மூன்றாம் வாரத்துக்குக் குறித்திருந்தது. இடையில் விலை மாறியது. புதுப் படத்தை மாற்றி ஏற்றினார்கள். மாற்று உரையில் பழைய விலையே இருந்துவிட்டது. பார்ப்பவருக்கு ஒரு விலை, கேட்பவருக்கு வேறு விலை. ஆகவே படத்தை மாற்றுகிறவர் அட்டவணையில் அந்த வரிசையின் குறியை மீண்டும் 'கேள்வி' ஆக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம்.

காவேரிப்பட்டணம் ஆசிரியர் கடைசியில் நீலம் கன்றுகளில் இருபது எடுத்தார். பணம் கட்டும் முன் அவர் கேட்ட கேள்வி, "பட்டை இன்னும் சுற்றியிருக்கிறது என்று கேட்டேனே, அதை நான் எப்போது அவிழ்க்க வேண்டும்?" என்பது. அக்கா தொலைபேசியை வாங்கி, ஒட்டு நன்றாகக் கூடிய பிறகு, தண்டு பருத்துப் பட்டை அதை இறுக்கத் தொடங்குவதற்குள் பிரித்துவிடச் சொன்னார். விரலால் தடவிப் பார்த்தாலே அந்த இறுக்கம் தெரியும் என்றார்.

வணக்கம்.