பெல் அடிக்க அரை மணி இருக்கும்போது அடுத்த பண்டிலை எடுக்கலாமா?

கேள்வி: "அக்கா, நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு காமென்ட்ஸில் சேர்ட்டுக்குக் கஃப் பூட்டுகிறேன். ஐந்தரைக்கு வேலை முடியும். ஐந்து மணிக்குப் பிறகும் சுப்பர்வைசர் பண்டிலைக் கொண்டுவந்து வைக்கிறார். எத்தனை மணிக்குப் பிறகு எடுக்காமல் விடலாம்? ஓவர்டைம் நாளில் என்ன செய்வது?"

சரி தங்கச்சி, முதலில் ஒரு தாளை எடுங்கள். உங்களுக்கு ஒரு பண்டில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று யாரும் கேட்டால் வாய் "இருபது, இருபத்திரண்டு நிமிடம்" என்றுதான் சொல்லும். நன்றாக ஓடிய நாளை நினைத்துச் சொல்வதுதான் அது. இரண்டு மூன்று நாள் பின்னேரத்தில் பத்துப் பண்டிலின் நேரத்தை எழுதிப் பாருங்கள். காலையில் எழுதிய நேரம் இதற்கு உதவாது, கை வேறு வேகத்தில் போகும்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். 24 சேர்ட் உள்ள பண்டில். பத்துத் தடவை எழுதியதில் வந்தது இது: 21, 22, 22, 23, 21, 24, 22, 23, 29, 36 நிமிடம். கூட்டிப் பத்தால் பிரித்தால் 24 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த 24ஐ வைத்துக் கணக்குப் பார்த்தால் நூல் அறுகிற நாளில் மாட்டுப்படுவீர்கள். 36ஐ வைத்துப் பார்த்தால், ஊசி உடைந்த ஒரு நாளுக்காக ஒவ்வொரு நாளும் பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்க வேண்டும். நான் எடுப்பது இரண்டாவது பெரிய இலக்கம், 29. பத்தில் ஒன்பது தடவை அதற்குள் முடிந்திருக்கிறது. பத்தில் ஒரு தடவை பிந்துவதைத் தாங்கலாம்.

அடுத்தது, ஐந்தரைக்கு முடிவது ஷிப்ட், தையல் இல்லை. நூல் வெட்ட வேண்டும், எண்ண வேண்டும், ரிக்கெட்டில் எழுத வேண்டும், மெசினில் உள்ள பஞ்சைத் தட்ட வேண்டும், பாதத்துக்குக் கீழே ஒரு துண்டுத் துணியை வைத்து ஊசியை இறக்கிவிட வேண்டும். இந்தத் துண்டுத் துணியைச் சிலர் மறந்து போவார்கள். இரவில் ஊசிக் கம்பியால் எண்ணெய் இறங்கி, காலையில் முதல் சேர்ட்டில் கறை விழும். இதெல்லாம் சேர்த்து எட்டு நிமிடம் என்று வையுங்கள். அப்படியென்றால் தையல் 5.22க்கு நிற்க வேண்டும். அதில் 29ஐக் கழித்தால் 4.53. நீங்கள் முழுப் பண்டில் ஒன்றை எடுக்கக்கூடிய கடைசி நேரம் அதுதான், ஐந்து மணி இல்லை. உங்கள் இலக்கம் வேறாக வரும், கணக்குப் பார்க்கும் விதம் இதுதான். இந்த 29க்குள் நூல் அறுவது, பொபின் தீர்வது எல்லாம் ஏற்கனவே அடங்கிவிட்டன. "எதற்கும் இன்னொரு ஐந்து நிமிடம் கழிப்போம்" என்று திரும்பவும் கழிக்காதீர்கள்.

"பிந்தினால் என்ன அக்கா, மிச்சத்தை நாளைக்குத் தைப்பேன்தானே" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லைனில் இருந்த காலத்தில் ஒருநாள் 5.05க்கு ஒரு பண்டிலை எடுத்தேன். 5.12க்கு ஊசி உடைந்தது. ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். துண்டு முழுவதையும் தேடிப் பொறுக்கி, ஒட்டிக் காட்டி, கையெழுத்து வைத்துத்தான் புது ஊசி எடுக்கலாம். அதற்கே பத்து நிமிடம் போய்விட்டது. பெல் அடித்தபோது 16ஆம் சேர்ட்டில் இடது கஃப் பூட்டியிருந்தேன், வலது பூட்டவில்லை. பஸ் நிற்குது என்று எல்லாவற்றையும் மெசினில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எங்கள் பஸ் விசுவமடு வரை போகும், அதை விட்டால் பரந்தனில் நின்று யாருடைய மோட்டார் சைக்கிளையாவது மறிக்க வேண்டியதுதான்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். என் மெசினில் வேறு பிள்ளையை இருத்தினார்கள். அவள் 16ஆம் சேர்ட் முடிந்தது என்று நினைத்துத் தள்ளி வைத்துவிட்டு 17இல் தொடங்கினாள். இடது கஃப் அடுக்கில் மேலே இருந்தது 17. வலது அடுக்கில் மேலே இருந்ததோ 16. அவள் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை, அடுக்கில் இருந்தபடியே எடுத்துப் பூட்டிக்கொண்டு போனாள். 17இன் உடம்பில் 16இன் வலது கஃப், 18இல் 17, இப்படியே 24 வரைக்கும். கடைசியில் ஒரு வலது கஃப் மிஞ்சியது. அப்போதுதான் ஏதோ பிழைத்துவிட்டது என்று தெரிந்தது.

துணியைத் தட்டுத் தட்டாக, ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து வெட்டும்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு இலக்க ஸ்டிக்கர் ஒட்டுவது எதற்கு? ஒரே தட்டில் வெட்டிய உடம்பும் கையும் கஃப்பும் ஒரே சேர்ட்டில் சேர வேண்டும் என்பதற்குத்தான். பக்கத்துப் பக்கத்துத் தட்டு ஒரே சுருளில் இருந்து விரித்ததென்றால் மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பண்டிலில் 20உம் 21உம் இடையில் சுருள் மாறியிருந்தது. 21ஆம் சேர்ட்டின் வலது கஃப் மட்டும் வெளிச்சத்தில் ஒரு சாயல் கூடிய நீலமாக நின்றது. நிறம் உண்மையில் பொருந்தாதது அந்த ஒன்றுதான். ஆனால் செக்கர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டார், எட்டு வலது கஃப்பையும் பிரிக்கச் சொன்னார். பிரித்துத் தைப்பது புதிதாகத் தைப்பதைவிட மூன்று மடங்கு நேரம் எடுக்கிற வேலை. அந்தப் பிள்ளைக்குத்தான் ஏச்சு விழுந்தது. பிழை என்னுடையது.

அதனால் 4.53க்குப் பிறகு எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. முழுப் பண்டிலாக எடுக்காதீர்கள். சைஸ் முடிகிற இடத்தில் எட்டு, பத்துச் சேர்ட் உள்ள சின்னப் பண்டில் வரும், அது கிடந்தால் அதை எடுக்கலாம். செக்கிங்கில் இருந்து திரும்பி வந்த சேர்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தைக்கிற வேலை, எந்த இடத்திலும் நிறுத்தலாம். அதற்கு இந்த நேரம் நல்ல நேரம். இரண்டும் இல்லை, பண்டிலைத்தான் தொடங்க வேண்டும் என்றால், தொடங்க முதலே எந்த இலக்கத்தில் நிறுத்துவது என்று சொக்கால் ரிக்கெட்டில் எழுதுங்கள். இரண்டு கஃப்பும் பூட்டி முடிந்த சேர்ட்டில் மட்டும் நிறுத்துங்கள். மிச்ச உடம்பையும் கஃப்பையும் ஒன்றாகக் கட்டி, "12 வரை முடிந்தது" என்று எழுதி மேலே செருகிவிடுங்கள். நாளைக்கு நீங்கள் வராவிட்டாலும் யாரும் வாசித்துத் தொடரலாம்.

சுப்பர்வைசரிடம் எப்போது சொல்வது என்பதும் முக்கியம். 5.10க்கு அவர் பண்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்போது "ஏலாது" என்றால் அது சண்டை. 4.45க்கு, கையில் உள்ளது முடியப் போகும்போது, "அண்ணா, இதற்குப் பிறகு முழுப் பண்டில் முடியாது, சின்னது இருந்தால் தாங்கோ, இல்லாவிட்டால் 12இல் நிறுத்துகிறேன்" என்று சொன்னால் அவரும் லைனைப் பார்த்து முடிவெடுப்பார். உங்களுக்கு அடுத்த மெசினில் இரண்டு பண்டில் காத்துக் கிடந்தால் நீங்கள் நிறுத்துவதால் யாருக்கும் ஒன்றும் இல்லை. அங்கே ஒன்றும் இல்லாமல் அந்தப் பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு இருந்தால் மட்டும், முடிந்த சேர்ட்டை ஐந்து ஐந்தாகத் தள்ளச் சொல்லிக் கேட்பார். அது நியாயம்.

இனி ஓவர்டைம். ஏழரை வரை ஓவர்டைம் என்று முன்கூட்டியே பேசியிருந்தால் ஐந்தரைக் கோட்டை மறந்துவிடலாம், கணக்கை ஏழரையில் இருந்து பின்னால் போடுங்கள். ஆனால் ஓவர்டைமுக்கு வேறு நேரம் எழுத வேண்டும். ஆறு மணிக்குப் பிறகு எனக்கு 29இல் முடிகிற பண்டில் 33 எடுத்தது. கண் களைத்துப் போகும், ஊசியில் நூல் கோக்கவே இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

ஷிப்ட் முடிவும் ஓவர்டைம் எல்லையும் ஒரே மாதிரி இல்லை. ஐந்தரைக்கு நான்கு நிமிடம் பிந்தினால் அது பிந்தியதுதான், அவ்வளவுதான். ஓவர்டைம் எல்லைக்கு அந்தப் பக்கம் இடமே இல்லை. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தத்தின்படி பெண்களுக்கு ஓவர்டைம் மாதத்துக்கு 60 மணி. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனிகள் பலவற்றின் விதியிலும் ஒரு 60 வரும். அது சாதாரண வேலையும் ஓவர்டைமும் சேர்த்து ஒரு வாரத்துக்கு 60. இரண்டையும் குழப்பாதீர்கள். மாதக் கணக்கில் இடம் இருந்தும் வாரக் கணக்கில் முடிந்து போகலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 27ஆம் திகதி, உங்களுக்கு இந்த மாதம் 58 மணி 30 நிமிடம் ஓவர்டைம் ஆகிவிட்டது. மிச்சம் ஒன்றரை மணி. லைன் ஏழரை வரை ஓடும், ஆனால் நீங்கள் ஏழுக்கு எழும்ப வேண்டும். ஏழில் எட்டு நிமிடம் கழித்தால் 6.52, அதில் 33 கழித்தால் 6.19. பக்கத்தில் இருப்பவளுக்கு 40 மணிதான் ஆகியிருந்தால் அவள் 6.49 வரை பண்டில் எடுப்பாள். "அவள் எடுக்கிறாள், நீ ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால் சொல்ல இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். துப்புரவு செய்கிற எட்டு நிமிடமும் வேலை நேரம்தான், அதுவும் அந்த 60க்குள் வர வேண்டும்.

மாத முடிவில் எல்லோருக்கும் தடுக்குவது பெரிய ஓவர்டைம் இல்லை, சின்னப் பிந்தல். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போகும்போது பத்து நிமிடம் பிந்தி விரல் அடையாளம் வைத்தால், 24 வேலை நாளில் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி உங்கள் மனக் கணக்கில் இருக்காது, விரல் வைக்கிற மெசினில் இருக்கும். அதனால்தான் 22ஆம் திகதி போல ஒருதரம் போய் இதுவரை எத்தனை மணி என்று அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. எல்லை வந்ததும் "விரலை வைத்துவிட்டு வந்து இந்த ஒரு பண்டிலை முடித்துவிட்டுப் போ பிள்ளை" என்று சொல்கிற இடங்கள் உண்டு. போகாதீர்கள். சம்பளத்தில் ஒன்றரை மடங்கு வர வேண்டிய நேரம் அது, ஒன்றுமே வராது. அந்த நேரத்தில் ஊசி விரலில் ஏறினால், நீங்கள் அங்கே இருந்ததாக எந்தப் பதிவிலும் இருக்காது. அரைவாசியில் நின்ற பண்டிலைக் கட்டி, இலக்கத்தை எழுதிவிட்டு விரலை வையுங்கள். விரல் வைத்த பிறகு மெசினுக்குத் திரும்ப வேண்டாம், நேரே பஸ்ஸுக்கு.